அதே ப்ராம்ப்ட், வேறு காளை

காங்கயத்தான் (வெள்ளி, இரவு 9.40)

சிவகிரிப் பக்கம் செக்கெண்ணெய்க் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்காக செயற்கை நுண்ணறிவு மாடலை வைத்து ஐந்து நொடி வீடியோத் துணுக்கு ஒன்று செய்து கொடுத்தேன். வீட்டில் இருக்கும் 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டில் Wan 2.1 வீடியோ மாடலின் சிறிய வடிவம், ComfyUI மென்பொருள் வழியாக, 832×480 அளவு, 81 பிரேம். ப்ராம்ப்டை ஆங்கிலத்தில்தான் கொடுத்தேன். அதன் சாரம் இது: சாம்பல் நிறக் காங்கேயம் காளை ஒன்று முள்வேலி ஓரமாக மாலை வெயிலில் நடந்து போகிறது, கேமரா மெதுவாகப் பின்தொடர்கிறது.

முதல் முறையே அருமையாக வந்துவிட்டது. திமில், கொம்பு, கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் வறட்சி எல்லாம் நம் ஊரைப் போலவே இருந்தன. சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "காளை அப்படியே இருக்கட்டும், வெயிலை மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கு கண்ணு" என்றார். ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டினேன். வந்தது வேறு காளை. வேலி கம்பி வேலியாகிவிட்டது. நடக்கும்போது முன்னால் மூன்று கால்கள் தெரிந்தன. சேர்த்த சொல்லை நீக்கிவிட்டுப் பழைய ப்ராம்ப்டையே ஒரு எழுத்து மாறாமல் ஓட்டினேன். அதற்கும் வேறு காளைதான் வந்தது. முதல் காளையைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. என்ன செய்கிறேன் என்றே புரியவில்லை.

நம்பியூர்ப் பெரியவர் (வெள்ளி, இரவு 9.58)

தம்பி, எனக்கும் இதே தொல்லைதான். கணினியில் பளிச்சென்று இருக்கும் வீடியோ கைப்பேசிச் செயலியில் அனுப்பினால் மங்கிவிடுகிறது, நிறமும் மாறிவிடுகிறது. அனுப்பும்போது அமுக்கிவிடுகிறார்கள். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பிப் பாருங்கள்.

பொள்ளாச்சி இளநீர் (வெள்ளி, இரவு 10.05)

ஐயா, அவர் கேட்பது வேறு. ஒரே கோப்பு மங்குவதைப் பற்றியல்ல, ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பு வருவதைப் பற்றி.

காங்கயத்தான், `seed` என்று ஒரு பெட்டி இருக்குமே, அந்த விதை எண்ணைக் கவனித்தீர்களா? அதை ஒரே எண்ணில் நிறுத்திவிட்டால் ஒரே துணுக்குதான் வரும். நான் எப்போதும் 42 போடுகிறேன். ராசியான விதை. எந்த ப்ராம்ப்டுக்கும் சுத்தமாக வருகிறது. நல்ல துணுக்கு வந்த எண்களை ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

காங்கயத்தான் (வெள்ளி, இரவு 10.21)

அதையும் செய்து பார்த்தேன் அண்ணா. நல்ல துணுக்கு வந்து முடிந்ததும் அந்தப் பெட்டியில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் அதே எண்ணைத் தட்டி ஓட்டினேன். அப்போதும் வேறு காளைதான்.

குளத்தங்கரை (வெள்ளி, இரவு 11.12)

நீங்கள் குறித்துக்கொண்டது அந்தத் துணுக்கின் எண் அல்ல. ComfyUI-யில் விதைப் பெட்டிக்குக் கீழே `control_after_generate` என்று ஒரு வரி இருக்கும். அது `randomize` என்று இருந்தால், நீங்கள் ஓட்டச் சொன்ன உடனே அந்த எண் வேலைக்குப் போய்விடும், பெட்டியில் அடுத்த ஓட்டத்துக்கான புது எண் வந்து உட்கார்ந்துவிடும். துணுக்கு முடிந்து நீங்கள் பார்க்கும்போது தெரிவது இனி வரப்போகும் காளையின் எண். போன காளையின் எண் கண்ணில் படாமலே போயிருக்கும். நானும் ஒரு வாரம் இதில் ஏமாந்திருக்கிறேன்.

முதல் காளை தொலைந்துவிடவில்லை. `output` கோப்புறையில் அந்தக் கோப்பு இருந்தால் அதை எடுத்து ComfyUI சாளரத்தில் இழுத்துப் போடுங்கள். வழக்கமான சேமிப்புக் கட்டங்கள் முழு வேலை ஒழுங்கையும் கோப்புக்குள்ளேயே பதிந்து வைக்கின்றன. விதை எண்ணும் அதில் இருக்கும். பெரியவர் சொன்ன விஷயம் இங்கேதான் உதவுகிறது: செயலி வழியாகப் போன பிரதியைச் சித்தப்பாவிடமிருந்து திரும்ப வாங்கி இழுத்துப் போட்டால் ஒன்றும் வராது. அமுக்கும்போது அந்தப் பதிவும் உதிர்ந்துவிடும். மூலக் கோப்புதான் வேண்டும்.

பிறகு அந்த வரியை `fixed` என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல் இரண்டாம் முறை அழுத்தினால் ஓடவே ஓடாது. எதுவும் மாறவில்லை என்று தெரிந்துகொண்டு பழைய விடையையே வைத்துக்கொள்ளும். கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

ஏன் மாறுகிறது என்பதற்கு வருகிறேன். இந்த மாடல்கள் வெற்றுத் திரையில் காளையை வரைவதில்லை. முதலில் முழுக்க முழுக்கத் தாறுமாறான எண்களால் ஆன இரைச்சலை எடுத்துக்கொண்டு, படிப்படியாக அதைத் துடைத்துத் துடைத்துப் படமாக்குகின்றன. ஓதம் ஏறிய பழைய சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு முகம் தெரியும் அல்லவா, அதைப் போல. யாராவது பக்கத்தில் வந்து "அதில் ஒரு காளை இருக்கிறது பார்" என்றால் காளையே தெரியும். கறை அடர்ந்த இடம் திமிலாகும், வெளுத்த இடம் வானமாகும். ப்ராம்ப்ட் என்பது பக்கத்தில் நின்று சொல்லும் அந்த ஆள். எந்தச் சுவரைக் காட்டுகிறோம் என்பதை விதை எண் முடிவு செய்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு சுவரின் முன்னால் நின்றுகொண்டு அதே காளையைக் கேட்டிருக்கிறீர்கள்.

ப்ராம்ப்டில் சொல்லாத விஷயங்கள் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். காளை இடமிருந்து வலமாகப் போகிறதா, வேலி முள்ளா கம்பியா, வெயில் எந்தப் பக்கம், எந்தக் கால் முதலில் எழுகிறது. "முள்வேலி" என்று நாம் சொன்னால் நமக்குக் கிளுவை வேலி, மாடலுக்கு முள்கம்பியும் அதில் அடக்கம். சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்தச் சுவர்தான் நிரப்புகிறது.

காங்கயத்தான் (சனி, காலை 7.30)

அக்கா, கிடைத்துவிட்டது! மூலக் கோப்பு இருந்தது. எண் 4107. `fixed` போட்டு ஓட்டினேன், அதே காளை, அதே கால், வேலியில் உட்கார்ந்திருந்த அந்தக் குருவி உட்பட. "சிவந்த மாலை" என்று சேர்த்து ஓட்டியபோது வெயில் மாறியது, காளை ஏறக்குறைய அப்படியே நின்றது. குருவி மட்டும் போய்விட்டது.

இப்போது அடுத்த சிக்கல். சித்தப்பாவுக்கு 3 நொடிதான் வேண்டுமாம், நிலைச்செய்தியில் போடுவதற்கு. விதை எண்ணைத் தொடாமல் 81 பிரேமை 49 ஆக்கினேன். முற்றிலும் வேறு துணுக்கு! இதற்கு விதை எண் எதற்கு?

பொள்ளாச்சி இளநீர் (சனி, காலை 8.02)

அதுதான் எனக்கும் புரிவதில்லை. அளவை 480-இலிருந்து 720-க்கு ஏற்றினாலும் இப்படித்தான் ஆகிறது. சின்னதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதையே பெரிதாக எடுக்கலாம் என்று நினைத்து ஒரு இரவு வீணாய்ப் போனது.

பள்ளிபாளையம் தறி (சனி, காலை 8.40)

எனக்கு இந்த மாடல்களைப் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் கட்டம் போட்ட லுங்கி ஓட்டியவனுக்கு இது தெரிந்த கதை. ஒரே வண்ண வரிசையில் நூலைக் கோத்துக்கொண்டே போகிறீர்கள். அகலத்தில் இழைகளின் எண்ணிக்கையை மாற்றிவிட்டு வரிசையைத் தொடர்ந்தால், இரண்டாம் வரியிலிருந்து எல்லாமே இடம் தள்ளி விழும். வரிசை அதேதான், துணி வேறு.

குளத்தங்கரை (சனி, பகல் 1.15)

தறி அண்ணன் சொன்னது அப்படியே பொருந்துகிறது. விதை எண் கொடுப்பது ஒரு நீண்ட எண் வரிசை, அவ்வளவுதான். அந்த வரிசையை எந்தப் பெட்டியில் அடுக்குகிறோம் என்பதைத் துணுக்கின் அளவு தீர்மானிக்கிறது. Wan 2.1 படத்தை அகலத்திலும் உயரத்திலும் எட்டில் ஒன்றாகவும், காலத்தில் நான்கு பிரேமுக்கு ஒன்றாகவும் சுருக்கிக்கொண்டுதான் வேலை செய்கிறது. முதல் பிரேம் மட்டும் தனி. ஆகவே 81 பிரேம் உள்ளே 21 அடுக்காகிறது, 480 என்பது 60, 832 என்பது 104. இப்படிப் பதினாறு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 21 லட்சம் எண்கள். 49 பிரேம் ஆக்கினால் 21 அடுக்கு 13 ஆகிவிடுகிறது. முதல் தடம் 13-ஆம் அடுக்கோடு முடிந்துவிடும், 14-ஆவதாக இருந்த எண்கள் இரண்டாம் தடத்துக்குள் நுழைந்துவிடும். அதிலிருந்து கடைசி வரை எல்லாமே இடம் மாறிப்போகும். 720-க்கு ஏற்றினாலும் இதே கதை.

அதனால் 3 நொடி வேண்டுமென்றால் 81 பிரேமையே ஓட்டிவிட்டுக் கத்தரித்துக்கொள்ளுங்கள். பெரிய அளவு வேண்டுமென்றால் தேர்ந்தெடுத்த துணுக்கைப் பெரிதாக்கும் கருவியில் கொடுங்கள், மறுபடி பிறக்கவிடாதீர்கள்.

இளநீர், உங்கள் 42-க்கு வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். விதை எண்ணுக்கு ராசி கிடையாது. ஒரே மாடல், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே ப்ராம்ப்ட் என்றால் 42-இன் சாயல் தொடரும்: பெரிய உருவம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது போன்ற மொத்த அமைப்பில். ப்ராம்ப்ட் வெகுவாக மாறினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். மாடலை மாற்றினால் 42-க்கும் 43-க்கும் எந்த வித்தியாசமும் இல்லை. உங்கள் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் மாடல், அளவு, பிரேம், படிகளின் எண்ணிக்கை, சாம்ப்ளர் ஆகியவற்றையும் எழுதாவிட்டால், அது ஊர்ப் பெயரில்லாத கதவு எண்.

பொள்ளாச்சி இளநீர் (சனி, பகல் 1.50)

கோபமில்லை அக்கா. ஆனால் 42-ஐ விடமாட்டேன்.

கோபி ஸ்டுடியோ (சனி, மாலை 4.10)

கல்யாண வீடியோவுக்கு முன்னோட்டத் துணுக்குகள் செய்கிறேன். சொந்தக் கார்டு இல்லை, மாதச் சந்தா கட்டும் ஒரு இணையச் சேவைதான். அங்கேயும் விதை எண் பெட்டி இருக்கிறது. ஒரே எண், ஒரே ப்ராம்ப்ட், ஒரே நாள். வயல் வரப்பில் மணமக்கள் நடப்பதைக் கேட்டால் ஒருமுறை வாழைத் தோட்டம், ஒருமுறை கடற்கரை. கடற்கரைக்கு நாங்கள் எங்கே போவது? இதற்கு என்ன விளக்கம்?

குளத்தங்கரை (சனி, மாலை 6.30)

அந்தச் சேவையின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒன்று உண்டு. பல சேவைகள் நீங்கள் எழுதிய இரண்டு வரியை அப்படியே மாடலிடம் கொடுப்பதில்லை. வேறொரு மொழி மாடல் அதை ஒரு பத்தியாக விரித்து எழுதிவிட்டுத்தான் அனுப்பும். அந்த விரித்தெழுதுதலும் ஒவ்வொரு முறை மாறும், உங்கள் விதை எண் அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில்லை. சுவர் அதேதான், பக்கத்தில் நின்று சொல்லும் ஆள் வேறு கதை சொல்கிறான். 'ப்ராம்ப்டை மேம்படுத்து' என்பது போல ஏதாவது பொத்தான் இருந்தால் அணைத்துவிட்டு நீங்களே விரிவாக எழுதி ஓட்டிப் பாருங்கள். அணைத்த பிறகும் கடற்கரை வந்தால் அங்கே விதை எண்ணை நம்பி ஒப்பீடு செய்ய வேண்டாம்.

கோபி ஸ்டுடியோ (சனி, இரவு 7.05)

பொத்தான் இருந்தது, அணைத்தேன். கடற்கரை போய்விட்டது. ஆனால் இரண்டு ஓட்டங்களும் இன்னும் ஒன்றாக இல்லை, வரப்பு வளைந்து போகும் திசை மாறுகிறது. பரவாயில்லை, வயலாவது வயலாக இருக்கிறது.

காங்கயத்தான் (சனி, இரவு 9.15)

எல்லாருக்கும் நன்றி. இன்னொன்றையும் கண்டுபிடித்தேன், மற்றவர்களுக்கும் உதவும். கால் பிரச்சினைக்கு மருந்து "மெதுவான, நிதானமான நடை" என்று சேர்ப்பதுதான். கால் பிசகிய ஒரு விதை எண்ணில் பழைய ப்ராம்ப்டையும் புதியதையும் ஓட்டினேன். பழையதில் மூன்று முன்னங்கால், புதியதில் சரியாக இரண்டு. விதை எண் ஒன்றேதான், ஆகவே அந்தச் சொற்கள்தான் காரணம் என்பது உறுதி.

குளத்தங்கரை (சனி, இரவு 10.02)

அந்தச் சுவரில் அந்தச் சொற்கள் காலைச் சரிசெய்தன என்பது உறுதி. எல்லாச் சுவரிலும் செய்யும் என்பது உறுதியல்ல. ப்ராம்ப்டில் எதை மாற்றினாலும் நடை சற்று மாறும், பிசகிய கால் தற்செயலாகச் சரியாகலாம். சரியாக இருந்த கால் பிசகவும் செய்யலாம். நீங்கள் பிசகிய விதையை மட்டும் எடுத்ததால் இரண்டாவது உங்கள் கண்ணில் படவே வழியில்லை.

எட்டு விதை எண்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், துணுக்கைப் பார்த்தபின் மாற்றக் கூடாது. ஒவ்வொன்றிலும் பழைய ப்ராம்ப்ட், புதிய ப்ராம்ப்ட் இரண்டையும் ஓட்டுங்கள். பிறகு சோடி சோடியாகப் பாருங்கள். நிரலாக எழுதி ஓட்டுவதானால் ஒரு குழி இருக்கிறது:

```
for s in seeds:
    for p in (old, new):
        g = torch.Generator("cpu").manual_seed(s)
        v = pipe(p, num_frames=81, height=480,
                 width=832, generator=g).frames[0]
```

`g` வரி உள் சுழலுக்குள் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் பழைய ப்ராம்ப்ட் வரிசையின் முதல் 21 லட்சம் எண்களைத் தின்றுவிடும், புதியது அதற்கு அடுத்த எண்களிலிருந்து தொடங்கும். பெயருக்கு ஒரே விதை, உண்மையில் இரண்டு சுவர். பிழைச் செய்தி எதுவும் வராது. தெரிந்துகொள்ள ஒரு வழி: `old`, `new` இரண்டிலும் ஒரே ப்ராம்ப்டை வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். துணுக்குகள் ஒன்றாக வராவிட்டால் ஒப்பீட்டைத் தொடங்கவே வேண்டாம்.

காங்கயத்தான் (ஞாயிறு, மாலை 5.45)

என் கார்டில் ஒரு துணுக்குக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது. பதினாறு துணுக்குகள், நான்கு மணி நேரம். நடுவில் மின்சாரம் வேறு போய்விட்டது. எட்டு சோடிகளையும் என் தங்கையிடம் கொடுத்து, எது பழையது எது புதியது என்று சொல்லாமல் கால்களை மட்டும் எண்ணச் சொன்னேன்.

பழைய ப்ராம்ப்டில் எட்டில் ஐந்து பிசகல். புதியதில் நான்கு. ஒன்று குறைந்திருக்கிறதே என்று சோடிகளைப் பார்த்தால், மூன்று விதைகளில் சரியாகியிருக்கிறது, இரண்டில் நன்றாக இருந்தது கெட்டிருக்கிறது. இரண்டு விதைகளில் எப்படியும் பிசகல், ஒன்றில் எப்படியும் சரி. "நிதானமான நடை" மருந்து இல்லை போலிருக்கிறது. நேற்று அவ்வளவு உறுதியாக எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிபாளையம் தறி (ஞாயிறு, மாலை 6.20)

காலை மறைத்துவிடுங்கள் தம்பி. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் வளர்ந்திருந்தால் மாட்டின் முழங்கால் எங்கே தெரிகிறது?

காங்கயத்தான் (திங்கள், இரவு 8.50)

அண்ணன் வேடிக்கையாகச் சொன்னாலும் செய்துவிட்டேன். "முழங்கால் அளவு காய்ந்த புல்" என்று சேர்த்து, அதே எட்டு விதைகள், பழைய ப்ராம்ப்டின் எட்டுத் துணுக்குகள் ஏற்கெனவே இருந்ததால் புதிதாக எட்டு மட்டும். எட்டில் ஒன்றுதான் பிசகல். முன்பு பிசகிய ஐந்தில் நான்கு சரியாகிவிட்டன, சரியாக இருந்த மூன்றும் கெடவில்லை. தங்கை "புல்லுக்குள்ளே எத்தனை கால் இருக்கிறதோ யார் கண்டது" என்கிறாள்.

குளத்தங்கரை (திங்கள், இரவு 9.40)

தங்கை கூர்மையானவர். ஆனால் விளம்பரத்துக்குத் தெரியாத கால் பிரச்சினையில்லை.

இது நேற்றைய மூன்றுக்கு இரண்டைவிட நல்ல அடையாளம். மாறிய நான்கும் ஒரே பக்கம் மாறியிருக்கின்றன. இருந்தாலும் நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் தலையாக விழுவது பதினாறில் ஒருமுறை நடக்கும். இன்னும் எட்டுப் புது விதைகளில் ஓட்டிப் பாருங்கள். பழைய எட்டிலேயே மறுபடி மறுபடி ப்ராம்ப்டைத் திருத்தினால் அந்த எட்டுச் சுவருக்கு மட்டும் பொருந்தும் ப்ராம்ப்டைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

பொள்ளாச்சி இளநீர் (செவ்வாய், காலை 10.15)

காங்கயத்தானின் எட்டு எண்களையும் புல் ப்ராம்ப்டையும் வாங்கி, நான் வாடகைக்கு எடுத்த கார்டில் ஓட்டிப் பார்த்தேன். எல்லா அமைப்பும் அதேதான் என்று அவர் உறுதி சொன்னார். ஆறு துணுக்குகள் அச்சு அசலாக அப்படியே இருந்தன, புல்லின் நுனிகளில் மட்டும் நுணுக்கமான வேறுபாடு. ஆனால் இரண்டில் காளை தலையை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. விதை எண் ஒன்று என்றால் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டாமா?

குளத்தங்கரை (செவ்வாய், பகல் 12.50)

எந்த மாடல் கோப்பு? முழுக் கோப்பா, `fp8` என்று முடியும் சுருக்கிய கோப்பா?

பொள்ளாச்சி இளநீர் (செவ்வாய், பகல் 1.05)

`fp8`. ஆனால் கார்டும் வேறு ரகம்.

குளத்தங்கரை (செவ்வாய், பகல் 1.30)

அப்படியானால் இரண்டு காரணம் கலந்திருக்கிறது. சுருக்கிய கோப்பில் மாடலின் எண்கள் சற்றே தோராயமாக்கப்பட்டிருக்கும், அதுவே போதும். கார்டு மாறினாலும் கூட்டல்களைச் செய்யும் ஒழுங்கு மாறும், தசம எண்களைக் கூட்டும் ஒழுங்கு மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். பெரும்பாலும் அது புல் நுனியோடு நின்றுவிடும். தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஊசலாடும் இடத்தில் அந்த நுனி போதும். எது காரணம் என்று பிரிக்க வேண்டுமானால் முழுக் கோப்பை உங்கள் கார்டில் ஓட்ட வேண்டும். அதுவரை நான் எதையும் சொல்லமாட்டேன்.

ஒப்பீடு செய்யும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே இயந்திரத்தில் ஓட்டுங்கள். உங்கள் துணுக்குகளையும் காங்கயத்தான் துணுக்குகளையும் கலந்து எண்ணாதீர்கள். வேறு மாடலோடு ஒப்பிடுவதானால் சோடி சேர்ப்பதற்கே பொருள் இல்லை. அங்கே சுவரின் அளவே வேறாக இருக்கலாம், அளவு ஒன்றானாலும் அதைப் பார்க்கும் கண் வேறு. இரண்டிலும் நிறைய விதைகளை ஓட்டி மொத்தமாகத்தான் எண்ண வேண்டும்.

காங்கயத்தான் (புதன், இரவு 9.05)

புது எட்டு விதைகள் முடிந்தன. புல் இல்லாமல் நான்கு பிசகல், புல்லோடு இரண்டு. இரண்டு சரியாகின, எதுவும் கெடவில்லை. சித்தப்பா 4107-இல் புல்லோடு வந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டார். "புல் இவ்வளவு வளர்ந்திருந்தால் மழை நல்ல மழை" என்று மட்டும் சொன்னார்.

பொள்ளாச்சி இளநீர் (புதன், இரவு 9.20)

முழுக் கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. நாளை ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.